முதற்பதிப்பு ஆண்டைப் பார்க்காதீர்கள்

பழைய புத்தகம் ஒன்று கைக்கு வருகிறது. அட்டை போய்விட்டது, ஓரங்களைச் செல் அரித்திருக்கிறது, ஆனால் தலைப்புப் பக்கம் தப்பியிருக்கிறது. அதன் பின்பக்கத்தில் ‘முதற் பதிப்பு 1938, விலை அணா 12’ என்று போட்டிருக்கிறது. பதிப்பகத்தின் பெயரை இன்று யாரும் கேள்விப்பட்டதில்லை. படித்துப் பார்த்தால் அருமையாக இருக்கிறது. மறுபதிப்பாகக் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றுகிறது. தோன்றிய கையோடு மனம் ஒரு கணக்கையும் போட்டுவிடுகிறது. 1938, அதோடு அறுபது வருஷம், 1998. உரிமை எப்போதோ முடிந்துவிட்டது, இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கைப் போடாதவரைப் புத்தக உலகில் பார்ப்பது அரிது. பல வருஷம் பதிப்புத் தொழிலில் இருப்பவர்களும் போடுகிறார்கள். அறுபது என்ற எண் சரிதான். அது எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் தப்பு. அந்த ஒரு தப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்துவிட்டால், மற்றதெல்லாம் விசாரிக்கும் வேலைதான்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். எழுதியவர் உயிரோடு இருக்கும்போது வெளியான நூலுக்கு, அவர் வாழ்நாள் முழுவதும் உரிமை உண்டு. அவர் இறந்த பிறகும் அறுபது ஆண்டுகள் உண்டு. அந்த அறுபதையும் இறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. இறந்த ஆண்டு முழுவதையும் விட்டுவிட்டு, அடுத்த ஜனவரி 1 முதல் எண்ண வேண்டும். புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். 1949 ஜனவரியில் எண்ணத் தொடங்கினால் 2008 டிசம்பர் 31 அன்று அறுபது முடிகிறது. 2009 ஜனவரி 1 முதல் அவர் காலத்தில் வெளியான எழுத்து பொதுச் சொத்து. குறுக்குவழி வேண்டுமென்றால், இறந்த ஆண்டோடு 61ஐக் கூட்டுங்கள். வருகிற ஆண்டின் முதல் நாள்தான் நாம் தேடும் நாள்.

முதற்பதிப்பு ஆண்டு இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 1938இல் வந்த புத்தகத்தை எழுதியவர் 1940இல் இறந்திருந்தால் அது 2001லேயே பொதுவுக்கு வந்துவிட்டது. அதே வருஷம் அதே அச்சகத்தில் அச்சான இன்னொரு புத்தகத்தை எழுதியவர், அப்போது இருபத்தைந்து வயது இளைஞராக இருந்து, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்திருந்தால் அவர் இறந்தது 2003. அந்தப் புத்தகம் 2063 முடியும்வரை உரிமைக்குள்தான் இருக்கும். இரண்டும் ஒரே அளவு பழுப்பேறியிருக்கும், இரண்டையும் ஒரே மாதிரிதான் பூச்சி தின்றிருக்கும். தாளைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

இது மனதில் நன்றாகப் பதிய, மணிக்கொடியை எடுத்துக்கொள்வோம். 1933இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் முப்பதுகளில் எழுதியவர்களின் கதைகளைத் திரட்டி ஒரு தொகுப்பு போட நமக்கு ஆசை என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கதையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அச்சேறியவை. ‘எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, எல்லாம் பொதுதான்’ என்று நண்பர்கள் சொல்வார்கள். நாம் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

கு.ப. ராஜகோபாலன் 1944இல் மறைந்தார்; 61ஐக் கூட்டினால் 2005. புதுமைப்பித்தனுக்கு 2009 என்று பார்த்துவிட்டோம். ந. பிச்சமூர்த்தி 1976வரை இருந்தார். அவர் கதைகளுக்கு 2037. மௌனி 1985இல் காலமானார், 2046. சி.சு. செல்லப்பா எல்லோருக்கும் பின்னால், 1998இல். அவர் கதைகளுக்கு 2059. ஒரே பத்திரிகை, ஒரே காலம். ஆனாலும் முதலில் இருப்பவரின் கதைக்கும் கடைசியில் இருப்பவரின் கதைக்கும் இடையே ஐம்பத்து நான்கு வருஷ வித்தியாசம். செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ 1959இல் புத்தகமாக வந்தது. வெளியான ஆண்டிலிருந்து எண்ணுகிறவர் 2019லேயே முடிந்துவிட்டது என்பார். இறப்புக் கணக்கு 2058 முடியும்வரை இருக்கிறது என்கிறது. (இந்த ஆண்டுகள் எல்லாம் இறப்புக் கணக்கு மட்டுமே. இடையில் அரசு ஒருவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியிருந்தால் கதையே வேறு. அதற்குப் பிறகு வருவோம்.)

இந்த அறுபது முதலில் ஐம்பதாக இருந்தது. மாறியதற்கு ஒரு கவிஞர் காரணம். ரவீந்திரநாத் தாகூர் 1941இல் இறந்தார். பழைய கணக்குப்படி 1991 முடிவோடு அவர் நூல்களின் உரிமை தீர வேண்டும். அந்த உரிமை விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. காலம் தீரப்போகிற நேரத்தில் மத்திய அரசு ஐம்பதை அறுபதாக நீட்டியது. தாகூருக்காக நீட்டினார்கள், எல்லோருக்கும் நீண்டது. அவர் நூல்கள் 2002 ஜனவரியில்தான் பொதுவுக்கு வந்தன. பழைய ஆட்கள் சிலர் இன்னும் ‘ஐம்பது வருஷம்’ என்றே சொல்லிக்கொண்டிருப்பது அந்த நாள் ஞாபகம்.

ஆக, நம் முதல் வேலை புத்தகத்தைப் பற்றியது அல்ல, ஒரு மனிதரைப் பற்றியது: இவர் எப்போது இறந்தார்? புகழ்பெற்றவர் என்றால் ஒரு நிமிஷ வேலை. மறுபதிப்புக்கு நாம் ஆசைப்படுகிற புத்தகங்களில் பாதி, புகழ்பெறாதவர்கள் எழுதியவை. அங்கேதான் அலைச்சல் ஆரம்பிக்கிறது.

தேடலை நூலுக்குள்ளேயே தொடங்கலாம். முன்னுரையின் அடியில் ஊர் பெயரும் தேதியும் இருக்கும். சமர்ப்பணத்தில் உறவுப் பெயர்கள் இருக்கும். ஆசிரியர் பள்ளி ஆசிரியரா, வக்கீலா, எந்தப் பள்ளி என்பதும் பல நூல்களில் தலைப்புப் பக்கத்திலேயே கிடைக்கும். பிற்காலப் பதிப்பு ஏதாவது கிடைத்தால் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்ற சொல் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் பதிப்பில் இல்லாமல் நான்காம் பதிப்பில் இருந்தால், இரண்டுக்கும் நடுவே அவர் காலமாகியிருக்கிறார் என்று ஒரு எல்லை கிடைக்கிறது. அந்த எல்லைக்குள் வந்த பத்திரிகைகளில் அஞ்சலிக் குறிப்பைத் தேடலாம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்த மாதிரி வேலைக்குப் பெரிய துணை. பழைய தமிழ்ப் பத்திரிகைகள் அங்கே ஏராளம்.

இன்னொரு பழைய ஆவணத்தையும் அறிந்து வைத்துக்கொள்ளலாம். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் புத்தகங்களைப் பதிவு செய்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு பட்டியல் போட்டது. சென்னை மாகாணத்துக்கும் அப்படிப் பட்டியல்கள் உண்டு. நூல் பெயர், ஆசிரியர், அச்சிட்ட இடம், பக்கங்கள், எத்தனை படிகள், என்ன விலை என்பதோடு, உரிமை யாருடையது என்பதற்கும் அதில் ஒரு கட்டம் இருக்கும். இறந்த ஆண்டை அது சொல்லாது. ஆனால் ‘ஆசிரியர்’ என்று அட்டையில் போட்டிருப்பவர் உண்மையில் தொகுத்தவரா, எழுதியவரா என்ற சந்தேகத்தை அது பல முறை தீர்த்துவைக்கும்.

நூலகப் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் 1906-1948 என்று போட்டிருப்பார்கள். நல்ல உதவிதான். ஆனால் சில பெயர்களுக்கு ‘1906-’ என்று கோட்டோடு நின்றுவிடும். அதற்கு அவர் உயிரோடு இருக்கிறார் என்று பொருளில்லை. பட்டியல் போட்ட நாளுக்குப் பிறகு யாரும் வந்து நிரப்பவில்லை என்பதுதான் பொருள். பெயர்க் குழப்பமும் தமிழில் அதிகம். ஒரே முன்னெழுத்தோடு இரண்டு கிருஷ்ணமூர்த்திகள், மூன்று சுப்பிரமணியங்கள் ஒரே பத்து ஆண்டில் எழுதியிருப்பார்கள். ஒருவருடைய இறந்த ஆண்டை இன்னொருவர் தலையில் வைத்துவிட்டால் நம் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும். ஊரோ தொழிலோ ஒன்றாவது ஒத்துப்போகாமல் ஆண்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியர் யாரென்றே தெரியவில்லை, புனைபெயர் மட்டும்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? அப்போதுதான் முதற்பதிப்பு ஆண்டு உள்ளே வருகிறது. பெயரில்லாத நூலுக்கும், ஆள் யாரென்று தெரியாத புனைபெயர் நூலுக்கும் வெளியான ஆண்டிலிருந்து அறுபது. ‘ஆள் தெரியாத’ என்ற சொல் முக்கியம். கல்கியும் புனைபெயர்தான், ஆனால் அவர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று ஊருக்கே தெரியும். அவருக்கு இந்த விதி பொருந்தாது. அறுபது ஆண்டு முடிவதற்குள் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் வெளிப்பட்டுவிட்டால், கணக்கு மறுபடி அவருடைய இறப்புக்கே போய்விடும்.

இந்த இடத்தில் பழைய நூல்கள் ஒரு விளையாட்டு காட்டும். ஆங்கில ஆண்டு போடாமல் ‘பிரமோதூத வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். நம் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பிரமோதூத என்றால் 1930-31 ஆகலாம். அதற்கு முந்தைய சுற்றின் 1870-71 ஆகலாம். எழுத்துருவையும் விலையையும் உள்ளே வரும் செய்திகளையும் வைத்துத்தான் எந்தச் சுற்று என்று சொல்ல முடியும். சினிமா, காங்கிரஸ் மாநாடு ஏதாவது ஒன்று கதையில் தலைகாட்டினால் போதும்.

வெளியான ஆண்டு முக்கியமாகிற இன்னொரு இடமும் உண்டு: ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சேறிய எழுத்து. டைரி, கடிதம், பெட்டியில் கிடந்த கையெழுத்துப் பிரதி. 1948இல் இறந்தவருடைய கடிதங்கள் 1998இல் முதன்முதலாக வெளிவந்தால், அந்தக் கடிதங்களுக்கு 2058 முடியும்வரை உரிமை ஓடும். அவர் கதைகள் பொதுவாகிவிட்டன என்பதால் கடிதங்களும் பொதுவாகிவிடாது. இதைத் தலைகீழாகவும் பார்க்க வேண்டும். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலாக வந்தது 1950இல், அவர் காலமானதோ 1942இல். இறப்புக்குப் பின் வந்த நூல் என்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடலாம். ஆனால் அது அவர் இருக்கும்போதே ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பத்திரிகையில் வந்தாலும் வெளியீடுதான். ஆகவே 1942உடன் 61, 2003.

இதுவரை ஒரு புத்தகம் என்றால் ஒரு ஆள் என்று பேசிக்கொண்டிருந்தோம். இனி அதையும் கொஞ்சம் கலைக்க வேண்டும். ஒரு புத்தகம் என்பது பரம்பரை வீடு மாதிரி. கூடத்தைக் கட்டியது தாத்தா, மாடி எடுத்தது மருமகன், பின்கட்டை வேறொருவர் பிற்பாடு சேர்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு. பத்திரத்தைப் பிரித்தால் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு ஆள். கூடம் நமக்கு வந்துவிட்டது என்பதற்காக மாடியில் போய்ப் படுக்க முடியாது.

‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்வோம். கல்கி இதழில் 1950 முதல் 1954வரை தொடராக வந்தது. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். இறப்புக் கணக்குப்படி 2015 ஜனவரியில் பொதுவாகியிருக்கும். அதற்கு முன்பே, 1999இல், தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. பிறகு பதிப்பகம் பதிப்பகமாக அந்த நாவல் வந்ததை எல்லோரும் பார்த்தோம். ஆகவே நாம் அச்சிடுவதற்குத் தடையில்லை.

ஆனால் பழைய வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது எழுத்தை மட்டும் அல்ல. வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி முகங்களை நம் கண்ணில் பதித்தவர் ஓவியர் மணியம். தொடராக வந்த பழைய பக்கங்களிலிருந்து அந்தப் படங்களையும் எடுத்துப் போட்டால் பதிப்பு எவ்வளவு அழகாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும். மணியம் 1968இல் காலமானார். ஓவியமும் ஒரு படைப்பு. அதற்கும் வரைந்தவரின் இறப்போடு அறுபது. 61ஐக் கூட்டினால் 2029. எழுத்துக்கு நாட்டுடைமை ஆணை கிடைத்தது என்பதால் படத்துக்கும் கிடைத்ததாக ஆகாது. படங்களின் உரிமை பத்திரிகையிடம் இருக்கிறதா, ஓவியர் குடும்பத்திடம் இருக்கிறதா என்பது வேறு விசாரணை. யாரிடம் இருந்தாலும் காலத்தை அளக்கும் கோல் ஓவியரின் இறந்த ஆண்டுதான். நாவல் மறுபடி மறுபடி தொடராக வந்தபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். அவர்களுக்கு இன்னும் பிந்திய கணக்கு. எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படத்துக்குப் புதிதாக ஒருவரை வரையச் சொல்வது அதிகம் செலவில்லாத வழி.

மொழிபெயர்ப்பு இன்னும் சிக்கலான வீடு. காண்டேகரின் மராத்தி நாவல்களைக் கா.ஸ்ரீ.ஸ்ரீ. தமிழில் தந்தார், ஒரு தலைமுறையே அவற்றைப் படித்து வளர்ந்தது. பழைய புத்தகக் கடையில் அந்தப் பதிப்புகளை இன்றும் பார்க்கலாம். காண்டேகர் இறந்தது 1976. ஆகவே மூலத்துக்கு 2036 முடியும்வரை உரிமை இருக்கிறது. அதன்மேல் மொழிபெயர்ப்பு என்பது தனிப் படைப்பு. அதற்கு மொழிபெயர்த்தவரின் இறந்த ஆண்டை வைத்துத் தனிக் கணக்கு. இரண்டு கதவும் திறந்தால்தான் உள்ளே போக முடியும். மூலம் சங்க இலக்கியமாகவோ கம்பராமாயணமாகவோ இருந்தாலும், நாம் எடுக்கப்போகும் உரை யாருடையது என்று கேட்க வேண்டும். பாட்டுக்கு உரிமையாளர் கிடையாது, உரைக்கு உண்டு.

இரண்டு பேர் சேர்ந்து எழுதிய நூல் என்றால் கடைசியாக இறந்தவரை வைத்து எண்ண வேண்டும். அவ்வளவுதான், அதில் வேறு நுணுக்கம் இல்லை.

நாம் எந்தப் பதிப்பை வைத்துத் தட்டச்சு செய்யப்போகிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. கதை பொதுச் சொத்தாக இருக்கலாம். ஆனால் கையில் இருப்பது அண்மையில் ஒரு ஆய்வாளர் பல பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, அடிக்குறிப்பும் முன்னுரையும் கால அட்டவணையும் சேர்த்துக் கொண்டுவந்த செம்பதிப்பாக இருந்தால், அந்தச் சேர்க்கை அவருடையது. அச்சுப் பிழை திருத்துவது, காற்புள்ளி போடுவது போன்ற சில்லறை வேலைக்கு உரிமை வராது. தன் அறிவையும் தேர்வையும் செலுத்தியிருக்க வேண்டும் என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் 2007இல் ஒரு சட்ட அறிக்கை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எது சில்லறை வேலை, எது அறிவு வேலை என்று நாம் தகராறு செய்துகொண்டிருக்க வேண்டாம். ஆசிரியர் காலத்தில் வந்த பதிப்பைத் தேடிப் பிடித்து அதிலிருந்து தட்டச்சு செய்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. பல நேரம் பாடமும் அதில்தான் சுத்தமாக இருக்கும்.

இப்போது தள்ளி வைத்த நாட்டுடைமைக்கு வருவோம். இறப்புக் கணக்கு முடியும்வரை காத்திருக்காமல், அரசு ஒரு தொகையை வாரிசுகளுக்குக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று நூல்களைப் பொதுவில் விடுவது தமிழ்நாட்டில் உள்ள வழக்கம். இதற்குப் பிள்ளையார் சுழி பாரதியார். 1949இல் சென்னை மாகாண அரசு அவர் நூல்களின் உரிமையை வாங்கிப் பின்னர் மக்களுக்கு விட்டது. 1921இல் மறைந்த அவருக்கு அன்றைய ஐம்பதாண்டுக் கணக்குப்படி 1971 முடியும்வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். பாரதிதாசன் 1964இல் மறைந்தவர். இறப்புக் கணக்கு அவரை 2025இல்தான் விடுவித்திருக்கும். ஆனால் 1991லேயே அவர் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன.

ஆகவே ஆண்டுக் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லையென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது நாட்டுடைமைப் பட்டியல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நாட்டுடைமை நூல்கள் ஆசிரியர் வாரியாகக் கிடைக்கின்றன. அதோடு நிறுத்திக்கொள்ளாமல் அரசாணையையும் தேடிப் பாருங்கள். அறிவிப்பு வேறு, ஆணை வேறு. பெயர் அறிவிக்கப்பட்ட பிறகு குடும்பத்தார் வேண்டாம் என்று மறுத்த எழுத்தாளர்களும் உண்டு. அப்போது நூல்கள் பழையபடி வாரிசுகளிடமே இருக்கும். செய்தித்தாளில் அறிவிப்பைப் படித்த ஞாபகத்தை நம்பி அச்சுக்குக் கொடுத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

சாட்சியாகவே எடுத்துக்கொள்ளக் கூடாத விஷயங்கள் சில உண்டு. இணையத்தில் பி.டி.எஃப். இலவசமாகக் கிடைக்கிறது என்பது ஒன்று. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன என்பது இன்னொன்று. அவர்கள் வாரிசிடம் எழுதி வாங்கியிருக்கலாம், அல்லது நம்மைப் போலவே 1938ஐ வைத்துக் கணக்குப் போட்டிருக்கலாம். பதிப்பகம் மூடிவிட்டது என்பதும் ஒன்றையும் தீர்மானிக்காது. பதிப்பகம் போனாலும் உரிமை போகாது, ஆசிரியர் குடும்பத்தில் யாரிடமாவது இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. ‘உரிமை பதிப்பாளருக்கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆசிரியரிடமிருந்து அவர்கள் முழு உரிமையையும் விலைக்கு வாங்கியிருந்தாலும், ஆசிரியரின் இறப்போடு அறுபது முடிந்தால் அந்த வரி வெறும் மைதான்.

எவ்வளவு தேடியும் இறந்த ஆண்டு கிடைக்கவில்லை என்றால்? ‘1925இல் எழுதினார், எப்படியும் இறந்திருப்பார்’ என்பது உண்மைதான். ஆனால் எப்போது இறந்தார் என்பதல்லவா கேள்வி. 1925இல் இருபது வயது, நூறு வயதுவரை வாழ்ந்தார் என்று வைத்தால் 2005; உரிமை 2065 முடியும்வரை போகிறது. இந்தக் கடைசி எல்லையைத் தாண்டாத நூலை ஊகத்தில் தொடாமல் இருப்பது நல்லது. ஆசிரியரும் வாரிசும் கண்டுபிடிக்க முடியாத நூல்களுக்காகச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: நாளிதழில் நம் எண்ணத்தை விளம்பரம் செய்து, பிறகு நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அது நிர்ணயிக்கும் தொகையைக் கட்டி உரிமம் பெறலாம். ஐந்நூறு படி அச்சடிக்கிற சிறு பதிப்பாளருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்பது என் சந்தேகம். ஆசிரியரின் சொந்த ஊருக்குப் போய் நாலு பேரை விசாரித்தால், பேரப் பிள்ளைகளில் ஒருவரைக் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் அவர்கள் மகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். தாத்தா எழுதிய புத்தகம் தங்களிடம் ஒரு படிகூட இல்லை என்பார்கள். வாரிசு ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

கடல் கடந்து விற்கிற எண்ணம் இருந்தால் இன்னொரு அடுக்கு. இதுவரை பார்த்தது எல்லாம் இந்தியக் கணக்கு. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இறப்புக்குப் பின் எழுபது ஆண்டு, மலேசியாவில் ஐம்பது. அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து தொண்ணூற்றைந்து ஆண்டு என்ற வேறு கணக்கு ஓடுகிறது. சென்னையில் அச்சிட்டுச் சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பவருக்கு இது தேவையில்லை. மின்னூலாக உலகம் முழுக்க விற்கிறவர், விற்கும் தளத்தில் நாடுகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

தேடி முடித்ததும் கிடைத்ததையெல்லாம் ஒரு உறையில் போட்டு வையுங்கள். இறந்த ஆண்டைச் சொல்லும் அஞ்சலிக் குறிப்பின் நகல், அரசாணை இருந்தால் அதன் எண்ணும் தேதியும், தட்டச்சுக்கு எடுத்துக்கொண்ட பழைய பதிப்பின் தலைப்புப் பக்கத்தின் படம். எந்தப் பதிப்பைப் பின்பற்றினோம் என்பதை நம் நூலின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியாகப் போட்டுவிடலாம். யாராவது கேட்டு வந்தால் உறையைப் பிரித்துக் காட்டினால் பேச்சு அங்கேயே முடியும்.

கடைசியாக ஒன்று. உரிமை டிசம்பர் 31 அன்று முடிகிற நூலை நவம்பரிலேயே அச்சடித்துக் கட்டி வைத்துக்கொண்டு, சென்னைப் புத்தகக் காட்சியில் ஜனவரியில் விற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விற்பதற்கு மட்டுமல்ல, படியெடுப்பதற்கும் உரிமை வேண்டும், அச்சடிப்பது படியெடுப்பதுதான். மணியம் படங்களோடு பதிப்புக் கொண்டுவர ஆசைப்படுகிறவர், உரியவர்களிடம் அனுமதி வாங்காவிட்டால், 2029 ஜனவரி 1க்குப் பிறகுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும். அந்த வருஷத்துப் புத்தகக் காட்சியில் அந்தப் பதிப்பை எதிர்பார்க்க முடியாது.